நிற்குமா, நிற்காதா: எந்த நிரலாலும் முழுதாகச் சொல்ல முடியாத விடை

கீழே உள்ள மூன்று வரி நிரலைப் பாருங்கள்.

```python
n = 4
while is_sum_of_two_primes(n):
    n = n + 2
```

4-இல் தொடங்கி 6, 8, 10 என்று இரட்டை எண்களாக ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுத முடிகிறதா என்று பார்க்கிறது: 10 என்றால் 3 + 7, 28 என்றால் 5 + 23. முடிந்தால் அடுத்த எண்ணுக்குப் போகும். முடியாத எண் ஒன்று அகப்பட்டால் நின்றுவிடும். அப்படி ஓர் எண் கிடையவே கிடையாது என்பது 1742-இல் கோல்ட்பாக்கும் ஆய்லரும் எழுதிக்கொண்ட கடிதங்களில் பிறந்த ஊகம். 4-க்குப் பின்னால் 18 சுழியங்கள் போட்டால் வரும் எண் வரை கணினியில் சோதித்தாகிவிட்டது, ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் நிரூபணமும் இல்லை. ஆக, இந்த மூன்று வரி என்றாவது நிற்குமா என்று கேட்டால் இன்று ஒருவருக்கும் விடை தெரியாது.

ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா? பாதிதான் தெரியும். நின்றுவிட்டால் ‘நிற்கும்’ என்று அடித்துச் சொல்லலாம். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால், இன்னும் ஒரு நிமிடத்தில் நிற்கப்போகிறதா, காலத்துக்கும் ஓடப்போகிறதா என்பது வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். எனவே ஓட்டுவதை விட்டுவிட்டு, நிரலின் எழுத்துகளைப் படித்து அலசி விடை சொல்லும் இன்னொரு நிரலை எழுத முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கு H என்று பெயர் வைப்போம். H-இடம் இரண்டு எழுத்துச் சரங்களைக் கொடுக்கிறோம். ஒன்று ஏதோ ஒரு நிரலின் முழு உரை, மற்றது அந்த நிரலுக்குத் தரவேண்டிய உள்ளீடு. அந்த நிரல் அந்த உள்ளீட்டில் ஓடினால் நிற்கும் என்றால் H `True` சொல்ல வேண்டும், நிற்காது என்றால் `False`. பிழை வந்து நின்றாலும் நின்றதாகவே கணக்கு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் எப்போதாவது விடை சொல்லியாக வேண்டும், சொன்ன விடை ஒருபோதும் தப்பக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை.

1936-இல், 23 வயதில், ஆலன் டூரிங் எழுதி அனுப்பிய ஆய்வுக்கட்டுரை, இந்த வகை நிரல் இருக்கவே முடியாது என்று காட்டியது. (அவர் கேட்டது கொஞ்சம் வேறு கேள்வி: ஓர் எந்திரம் முடிவில்லாமல் இலக்கங்களை அச்சடித்துக்கொண்டே போகுமா, நடுவில் முடங்கிவிடுமா என்று. ‘நிற்குமா’ என்ற வடிவம் பின்னால் வந்தது. வாதத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான்.) நான் இங்கே சொல்வது பிந்தைய வடிவம், அதுதான் சுருக்கமானது.

H இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அதை உள்ளே வைத்து D என்று ஒரு நிரல் எழுதுகிறேன்.

```python
def D(p):
    if H(p, p):
        while True:
            pass
    else:
        return
```

D ஒரு நிரலின் உரையை, p-ஐ, வாங்கிக்கொள்கிறது. ‘இந்த p-க்கு p-இன் உரையையே உள்ளீடாகக் கொடுத்தால் நிற்குமா?’ என்று H-ஐக் கேட்கிறது. நிற்கும் என்று H சொன்னால் D முடிவில்லாத லூப்பில் விழுகிறது. நிற்காது என்று சொன்னால் உடனே நின்றுவிடுகிறது. ஒரு நிரலுக்கு அதன் உரையையே உள்ளீடாகக் கொடுப்பதில் மாயம் ஒன்றுமில்லை. எழுத்துகளை எண்ணும் நிரலுக்கு அதன் உரையையே கொடுத்தால், தன் நீளத்தைச் சொல்லிவிட்டுப் போகும்.

இப்போது D-இன் உரையை D-க்கே கொடுப்போம். உள்ளே `H(D, D)` கூப்பிடப்படுகிறது. H `True` என்றால், அதாவது D தன் உரையை வாங்கி ஓடினால் நிற்கும் என்றால், D லூப்பில் விழுகிறது, நிற்கவில்லை. H `False` என்றால் D நின்றுவிடுகிறது. எது சொன்னாலும் H பொய்யாகிறது. சொன்னது எல்லாம் மெய்யாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆகவே H இல்லை.

வாதம் முடிந்துவிட்டது, ஆனால் படித்தவருக்கு ஏதோ செப்பிடுவித்தை நடந்த உணர்வு தங்கிவிடும். இல்லாத H-ஐ வைத்து ஆடியதால் வரும் உணர்வு அது. கற்பனை H-க்குப் பதிலாக, இன்றே எழுதக்கூடிய ஒரு H-ஐ எடுத்து, அதற்கு D என்ன செய்கிறது என்று பார்த்தால் தெளிந்துவிடும்.

முதல் H: கொடுத்த நிரலை உள்ளுக்குள் 10 லட்சம் படிகள் வரை ஓட்டிப் பார்க்கிறது. அதற்குள் நின்றால் `True`, இல்லையென்றால் `False`. முரட்டு வழிதான், ஆனால் பல நிரல்களுக்குச் சரியாக விடை சொல்லும். இதை வைத்து D-ஐக் கட்டி, D-க்கு D-ஐக் கொடுப்போம். வெளியே இருக்கும் H, உள்ளே D-ஐ ஓட்டத் தொடங்குகிறது. அந்த உள் D எடுத்த எடுப்பில் H-ஐக் கூப்பிடுகிறது. அந்த உள் H, இன்னொரு D-ஐ 10 லட்சம் படிகள் ஓட்டியாக வேண்டும், அதற்கு அதற்கே குறைந்தது 10 லட்சம் படிகள் ஆகும். எனவே உள் D தன் முதல் கேள்விக்கு விடை வாங்கும் முன்பே, வெளி H வைத்திருந்த 10 லட்சம் தீர்ந்துவிடுகிறது. வெளி H `False` என்கிறது. அதைக் கேட்ட D, `else` பக்கம் போய் நின்றுவிடுகிறது. இங்கே முரண்பாடு எதுவும் இல்லை. 10 லட்சத்தைத் தாண்டி ஓடி நிற்கும் ஒரு சாதாரண நிரல் இருக்கிறது, அதை நிற்காது என்று H தப்பாகச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, வரம்பே வைக்காமல் நிற்கும் வரை ஓட்டும் H? அப்போது வெளி H உள் D-ஐ ஓட்ட, அது உள் H-ஐக் கூப்பிட, அது அதற்கும் உள்ளே ஒரு D-ஐ ஓட்ட, ஆழம் போய்க்கொண்டே இருக்கும். H விடையே சொல்லாது. D உண்மையில் நிற்காது, ஆனால் அதைச் சொல்ல வேண்டிய H வாய் திறக்கவில்லை.

முதல் H பொய் சொல்லித் தோற்றது, இரண்டாவது மௌனமாகித் தோற்றது. எவ்வளவு புத்திசாலித்தனமான H-ஐக் கொண்டுவந்தாலும் இந்த இரண்டில் ஒன்று நடக்கும், எந்த உள்ளீட்டில் நடக்கும் என்றும் D முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ‘எங்கோ ஒரு தவறு இருக்கும்’ என்று சொல்லி நழுவாமல், தவறு இருக்கும் இடத்துக்கே கையைப் பிடித்து அழைத்துப் போகிறது.

D-ஐ மட்டும் விதிவிலக்காகச் சேர்த்து H-ஐத் திருத்திவிட்டால்? ‘உரை D-யாக இருந்தால் நிற்கும் என்று சொல்’ என்று முதல் H-இல் ஒரு வரி சேர்க்கலாம். அந்தப் பழைய D-க்கு விடை இப்போது சரியாகிவிடும். ஆனால் திருத்திய H வேறு நிரல். அதை உள்ளே வைத்துக் கட்டும் புதிய D-இன் உரையும் வேறு. திருத்தம் அதைத் தொடவே தொடாது.

இந்த D எங்கிருந்து முளைத்தது என்பதற்கு ஓர் அட்டவணை போதும். நிரல்கள் எல்லாம் எழுத்துச் சரங்கள் என்பதால், நீளத்தின்படியும் அகர வரிசைப்படியும் அடுக்கி P1, P2, P3 என்று எண்ணிட்டுவிடலாம். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு நிரலின் உரைக்கும் ஒரு நெடுவரிசை. நின்றால் 1, நிற்காவிட்டால் 0. உதாரணத்துக்கு இப்படி:

```
      1  2  3  4
P1    1  0  1  1
P2    0  0  1  0
P3    1  1  1  1
P4    1  0  0  1
```

மூலைவிட்டத்தில் இருப்பவை 1, 0, 1, 1. தன் உரையையே வாங்கி ஓடும்போது ஒவ்வொரு நிரலும் என்ன செய்கிறது என்பதன் பட்டியல் இது. D செய்வதெல்லாம் இதைப் புரட்டிப் போடுவதுதான்: அதன் வரிசை 0, 1, 0, 0 என்று தொடங்கும். P1-இலிருந்து முதல் கட்டத்தில் வேறுபடும், P2-இலிருந்து இரண்டாவது கட்டத்தில், எந்த வரிசையை எடுத்தாலும் அதன் மூலைவிட்டக் கட்டத்தில் வேறுபடும். ஆனால் D-யும் ஒரு நிரல் என்றால் அதுவும் பட்டியலில் எங்கோ இருக்க வேண்டும். 5,000-ஆவது வரிசை என்று வையுங்கள். அப்போது 5,000-ஆவது கட்டத்தில் அது தன்னிடமிருந்தே வேறுபட வேண்டும்.

1891-இல் கணிதவியலாளர் கேண்டர், 0-உம் 1-உமான முடிவில்லாத் தொடர்களையெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டுப் பட்டியலாக அடுக்க முடியாது என்று காட்டப் பயன்படுத்திய அதே உத்தி. ஒரு வேறுபாடு உண்டு, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். கேண்டரின் வாதத்தில் உடைந்தது பட்டியல். இங்கே பட்டியலுக்கு ஒரு குறையும் இல்லை, நிரல்களை உண்மையிலேயே எண்ணிடலாம். அட்டவணையிலும் குறையில்லை, ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1 என்று ஒரு திட்டமான விடை இருக்கத்தான் செய்கிறது. கோல்ட்பாக் நிரலுக்கும் அப்படித்தான். புரட்டிய வரிசையும் கணிதப் பொருளாக இருக்கிறது. அந்த வரிசையை உண்டாக்கும் நிரல்தான் இல்லை. H என்ற நிரல் இருந்திருந்தால் புரட்டுவது ஐந்தாறு வரி வேலை. அதனால் விழுவது H மட்டும்.

நினைவக வரம்பை வைத்து ஓர் ஆட்சேபம் வரும்: உண்மையான கணினிக்கு நினைவகம் அளவானது, ஆகவே அது இருக்கக்கூடிய நிலைகளும் அளவானவை, ஒரே நிலை இரண்டாம் முறை வந்தால் லூப் என்று பிடித்துவிடலாமே? கொள்கையளவில் சரி. ஆனால் 1 கிலோபைட் நினைவகத்துக்கே 8,192 பிட்டுகள், அதாவது 2^8192 நிலைகள், அது 2,467 இலக்க எண். அத்தனை படிகள் காத்திருக்க எவராலும் முடியாது.

நடைமுறையில் வேலைக்கு ஆகும் வழி வேறு: H-க்கு ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது விடையை அனுமதிப்பது. இப்போது H எப்போதும் விடை சொல்லும், பொய்யும் சொல்லாது. இதற்கும் D கட்டலாம்: ‘நிற்கும்’ என்றால் லூப், மற்ற இரண்டுக்கும் நின்றுவிடு. ‘நிற்கும்’ என்றாலும் ‘நிற்காது’ என்றாலும் H பொய்யாகிவிடும் என்பதால், அது ‘தெரியவில்லை’ என்றுதான் சொல்லியாக வேண்டும். உடனே D நின்றுவிடும். வெளியில் இருக்கும் நமக்கு D நிற்கும் என்று நன்றாகத் தெரிகிறது, H-ஆல்தான் அதைச் சொல்ல முடியவில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வெளியிலிருந்து ஏற்றி ஓட்டும், ஈபிபிஎஃப் எனப்படும் சிறு நிரல்களை அனுமதிக்கும் சோதனை இந்த வகைதான். கெர்னலுக்குள் ஒரு நிரல் லூப்பில் மாட்டினால் இயந்திரமே தொங்கிவிடும் என்பதால், ஏற்றும் முன்பே ஒவ்வொரு நிரலையும் பாதை பாதையாக நடந்து பார்க்கிறது. 2019 வரை லூப்புகளையே அது ஏற்கவில்லை. 5.3 பதிப்பிலிருந்து, முடியும் என்று அதற்கே தெரிகிற லூப்புகளை ஏற்கிறது. அதற்கும் 10 லட்சம் கட்டளை என்ற வரம்புண்டு. ஆனால் வரம்பு தீர்ந்தால் ‘நிற்காது’ என்று நம் முதல் H போலத் தீர்ப்புச் சொல்வதில்லை, ‘ஏற்ற மாட்டேன்’ என்று மட்டும் சொல்கிறது. அதனால் ஒழுங்காக நிற்கும் நிரல்கள் சிலவும் வாசலில் திருப்பி அனுப்பப்படுகின்றன. எழுதியவர் அலுத்துக்கொண்டே லூப்பை எடுத்து, அதிகபட்சம் இத்தனை சுற்றுதான் என்று ஓர் எண்ணை நேரடியாக எழுதி, மறுபடியும் கொடுத்துப் பார்க்கிறார்.