புளூடூத்தில் பேர் ஆனால் மட்டும் நெட் வராது: அதை நம்பியிருக்கும் பழைய லேப்டாப்புகளுக்காக

இந்த மாதம் 20ஆம் தேதி மதியம், திருத்துறைப்பூண்டி பக்கம் உரக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் தன் பழைய லேப்டாப்போடு மன்னார்குடியில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். அன்றைக்குத்தான் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். "ஹாட்ஸ்பாட் போட்டுட்டேன், புளூடூத்தும் போட்டுட்டேன், ரெண்டும் ஆன்ல இருக்கு. நெட் மட்டும் வரல தம்பி" என்றார். வேறொரு இடத்தில் காட்டியபோது போர்டு போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். லேப்டாப்பில் வைஃபை மட்டும்தான் போயிருந்தது, புளூடூத் நன்றாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதிலேயே தாக்கல் செய்துவிட்டுக் கிளம்பினார். இதே மாதிரி பலரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஹாட்ஸ்பாட் என்பது வைஃபை. லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யாவிட்டால், போனில் ஹாட்ஸ்பாட்டை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் லேப்டாப் அதைப் பார்க்கப்போவதில்லை. போனின் நெட்டை புளூடூத் வழியாகவே லேப்டாப்புக்குக் கொடுக்கும் புளூடூத் டெதரிங் என்பது வேறு வழி, அதற்கு வேறு சுவிட்ச். ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு புளூடூத்தில் நெட் தேடுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

அடுத்தது, என்னை மிகவும் சலிக்க வைக்கும் தவறான எண்ணம்: "பேர் ஆயிடுச்சு, அப்புறம் ஏன் நெட் வரல?" பேர் ஆவது என்றால் இரண்டு சாதனமும் ஒன்றை ஒன்று அடையாளம் தெரிந்துகொண்டன என்று மட்டுமே அர்த்தம். நெட் கொடு என்று போனிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை, நெட் வாங்கு என்று லேப்டாப்பிடமும் சொல்லவில்லை. புளூடூத்தில் பாட்டு கேட்பது ஒரு சேவை, ஃபைல் அனுப்புவது இன்னொன்று, நெட் பகிர்வது மூன்றாவது. ஃபோட்டோ போய்ச் சேர்ந்தது என்பதற்காக நெட்டும் தானாக வந்துவிடாது. மூன்றாவது சேவையை இரண்டு பக்கமும் தனியாகத் தொடங்கி வைக்க வேண்டும். உரக்கடை அண்ணன் விட்டது இதைத்தான்.

அவர் லேப்டாப்பில் விண்டோஸ் 10. செய்தது இவ்வளவுதான். போனில் மொபைல் டேட்டாவும் புளூடூத்தும் ஆன். பிறகு செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் அதே பக்கத்தில் "Bluetooth tethering" என்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் ஆன். லேப்டாப்பில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள புளூடூத் குறியின் மேல் வலது கிளிக் செய்து "Join a Personal Area Network". திறக்கும் ஜன்னலில் போன் பெயரைத் தேர்ந்தெடுத்து, மேலே "Connect using", அதற்குள் "Access point". இந்தக் கடைசி கிளிக் வரைக்கும் பொதுவாக யாரும் போவதில்லை.

"Access point" என்ற வரியே காணோம் என்றால், டெதரிங் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே பேர் செய்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் பேரிங்கை அழித்துவிட்டு, சுவிட்சைப் போட்ட பிறகு மறுபடி பேர் செய்யுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். இணைந்ததாகக் காட்டியும் பக்கம் திறக்கவில்லையா? கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இதை அடியுங்கள்:

```
ipconfig
```

"Bluetooth Network Connection" என்பதற்குக் கீழே 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால், போன் இன்னும் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். டெதரிங் சுவிட்சை அணைத்துப் போட்டு, "Access point" கிளிக்கைத் திரும்பச் செய்யுங்கள். முகவரி சரியாக இருந்தும் வரவில்லை என்றால் போனிலேயே நெட் வருகிறதா என்று பாருங்கள். தினசரி டேட்டா தீர்ந்துபோய் வருகிறவர்களும் உண்டு.

வேகம் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பழைய லேப்டாப்புகளில் இருக்கும் புளூடூத்தில் நொடிக்கு 2 மெகாபிட் வந்தாலே பெரிது. 1.5 என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 190 கேபி போலக் கிடைக்கும். 2 எம்பி பிடிஎஃப் இறங்கப் பத்துப் பன்னிரண்டு நொடி. 500 எம்பி விண்டோஸ் அப்டேட்டுக்கு முக்கால் மணி நேரம், அதுவரை வேறெதுவும் நகராது. ஆகவே வேலையைத் தொடங்கும் முன் "Pause updates" போட்டுவிடுங்கள். 5ஜி போன், புளூடூத் 5 உள்ள போன் வாங்கினால் வேகம் கூடுமா என்று கேட்கிறார்கள். கூடாது. நெட் பகிர்வது புளூடூத்தின் பழைய வழியில்தான் நடக்கிறது, அதற்கு உச்சவரம்பு அவ்வளவுதான். ஜிஎஸ்டி தாக்கல், மின்னஞ்சல், படிவம் நிரப்புவது, பட்டா நகல் எடுப்பது எல்லாம் தாராளமாக ஆகும். பிள்ளைகளின் வீடியோ வகுப்பை இதில் ஓட்டாதீர்கள், பாதியில் நிற்கும். நெட் பகிரும் நேரத்தில் அதே போனில் புளூடூத் ஹெட்செட்டையும் மாட்டிக்கொள்ளாதீர்கள், இருக்கிற வேகத்தையும் அது பங்கு போட்டுக்கொள்ளும்.

இதற்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டை விட போன் பேட்டரி மெதுவாகத்தான் இறங்கும், சூடும் குறைவு. ஐப்பசி கார்த்திகை மழையில் நம் பக்கம் கரண்ட் போய்விட்டால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் இது உதவும்.

ஆனால் லேப்டாப்பில் வைஃபை நிஜமாகவே இல்லையா என்று முதலில் பாருங்கள், தயவுசெய்து. `devmgmt.msc` என்று தேடித் திறந்து "Network adapters" பட்டியலைப் பாருங்கள். Wireless, WLAN, 802.11 என்று எதாவது இருந்தால் வைஃபை கார்டு இருக்கிறது. பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பட்டியலில் இல்லாமல், மஞ்சள் குறியோடு "Network Controller" என்று தனியாக நின்றால் பெரும்பாலும் டிரைவர்தான் இல்லை. வைஃபை இருந்தும் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால், போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும், பழைய கார்டுக்கு 2.4 மட்டுமே தெரியும். போனின் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 2.4க்கு மாற்றினால் போதும். உரக்கடை அண்ணனின் லேப்டாப்பில் இந்தச் சின்னச் சிக்கல் எதுவும் இல்லை. வைஃபை கார்டில் நிஜமாகவே பச்சை படிந்து செத்திருந்தது. அந்தக் காலத்து மாடலில் புளூடூத் வேறு சின்ன போர்டில் இருந்ததால் அது மட்டும் தப்பித்தது. மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சார்ஜர் ஒயர் கையில் இருந்தால் புளூடூத்கூட வேண்டாம். போனை யுஎஸ்பியில் மாட்டி, போனில் ஹாட்ஸ்பாட் இருக்கும் அதே பக்கத்தில் "USB tethering" போடுங்கள். புளூடூத்தை விடப் பல மடங்கு வேகம், போனும் சார்ஜ் ஆகும். அந்தச் சுவிட்ச் மங்கலாக இருந்து அழுத்த முடியாவிட்டால் அது பெரும்பாலும் சார்ஜுக்கு மட்டுமான ஒயர், வேறு மாட்டிப் பாருங்கள். தினமும் வேலை இருக்கிறவர்கள் சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரிலோ, விற்கப்போகும் லேப்டாப்பிலோ உங்கள் போனைப் பேர் செய்திருந்தால் வெளியே வரும்போதே இரண்டு பக்கமும் அழித்துவிடுங்கள், டெதரிங் சுவிட்சையும் அணையுங்கள்.