இருபதாவது அத்தியாயத்தில் நின்றுபோகும் தொடர்கதைகள்

இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது. பிரதி திருத்துவதற்காக என்னிடம் வரும் தொடர்கதை எழுத்தாளர்களில் இன்னொருவர், இருபத்திரண்டு அத்தியாயம் வெளியான பிறகு போன் செய்தார். “அக்கா, இதுக்கு மேல நகர மாட்டேங்குது. எதை எழுதினாலும் ஏற்கெனவே எழுதின மாதிரியே இருக்கு.” குரலில் அழுகை. அவர் ஒப்புக்கொண்டிருந்தது அறுபது அத்தியாயம்.

கதைச் சுருக்கத்தை வாங்கிப் படித்தேன். குறையே இல்லை. கும்பகோணத்தில் மெஸ் நடத்திய அப்பா இறந்துபோகிறார். சென்னையிலிருந்து வரும் மகள், கட்டடம் சித்தப்பா பெயரில் இருப்பதை அறிகிறாள். இது முதல் அங்கம். அதை மீட்கப் போராடுவது இரண்டாவது. அப்பாவே தம்பிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்ற உண்மை தெரிந்து, மகள் ஒரு முடிவெடுப்பது மூன்றாவது. பதினைந்து அத்தியாயத்துக்குக் கச்சிதமான கதை.

அறுபதுக்காக அவர் செய்த கணக்கு இதுதான்: முதல் அங்கத்துக்கு ஆறு, கடைசி அங்கத்துக்கு ஆறு, மீதி நாற்பத்தெட்டும் நடுவில். அந்த நடுப்பகுதியில் சித்தப்பா கேஸ் சிலிண்டர் வராமல் தடுத்தார், சமையல் மாஸ்டரைத் தன் பக்கம் இழுத்தார், உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு மொட்டைக் கடுதாசி போட்டார், வாடகை பாக்கி என்று ஆள் அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் நான்கு அத்தியாயம். ஒவ்வொன்றிலும் மகள் தவித்தாள், யாரோ உதவினார்கள், மெஸ் திறந்தது. இருபத்து மூன்றில் கடைக்குத் தீ வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

வேண்டாம் என்றேன். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்த இடத்தில்தான். கதையை நீட்டுவது என்றால் தடைகளைக் கூட்டுவது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தடை கூடினால் பக்கம் கூடும், கதை கூடாது. சிலிண்டரும் மாஸ்டரும் கடுதாசியும் வாடகையும் வெவ்வேறு சம்பவங்கள்தான். ஆனால் நான்கும் முடிகிற இடம் ஒன்று: மெஸ் திறந்திருக்கிறது, சித்தப்பா முறைக்கிறார், மகளுக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. வாசகருக்கு மனதில் தங்குவது சம்பவம் இல்லை, அது விட்டுச்சென்ற மாற்றம். மாற்றம் இல்லாவிட்டால் நான்கு சம்பவமும் ஒரே சம்பவமாகத்தான் படும். தீ வைத்தாலும் அப்படித்தான். பெரிய ஆபத்து வேறு, புதிய ஆபத்து வேறு. சிலிண்டரில் ஆரம்பித்து ரவுடி, தீ, கொலை என்று ஏறிக்கொண்டே போனால் நாற்பதாவது அத்தியாயத்தில் ஏற இடம் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உங்கள் ஒன்பதாவது அத்தியாயத்தையும் பதினேழாவதையும் இடம் மாற்றிப் பாருங்கள். பெயர்களை மட்டும் திருத்தினால் கதை அப்படியே ஓடுகிறதா? ஓடினால் இரண்டில் ஒன்று தேவையில்லாதது. இவர் கதையில் மாஸ்டர் போன பகுதியையும் கடுதாசிப் பகுதியையும் மாற்றி வைத்தோம். ஒரு வரிகூட இடிக்கவில்லை.

அவருடைய இரண்டாவது தவறு, உண்மையைக் கடைசிக்கென்று பூட்டி வைத்தது. பதினைந்து அத்தியாயக் கதையில் அது சரி. அறுபதில் ஐம்பத்து நான்கு அத்தியாயம் வரை ஒரே கேள்வியோடு யாரும் காத்திருக்க மாட்டார்கள், பாதியிலேயே ஊகித்துவிடுவார்கள். கடைசிக்கென்று வைத்திருக்கும் பெரிய ரகசியத்தை நடுவிலேயே செலவழியுங்கள். பயப்படாதீர்கள். அது உடையும்போது அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று பிறக்கும்.

சரி, இவருக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். வெளியான இருபத்திரண்டையும் மாற்ற முடியாது. அதனால் மீதி முப்பத்தெட்டைத் தனித்தனிக் கட்டங்களாக உடைத்தோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் சொந்தமாக ஒரு கேள்வி, கட்டத்தின் முடிவில் அதற்கு உறுதியான பதில். பதில் கிடைத்த பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கக் கூடாது.

23 முதல் 30 வரை கேள்வி: பத்திரம் போலியா? மகள் வில்லங்கச் சான்றிதழ் வாங்குகிறாள், பத்திர நகலுக்கு மனு போடுகிறாள். நகல் வருவதற்குள், 25-இல், ஆத்திரத்தில் தெருவே கேட்கும்படி “என் சித்தப்பா ஒரு போர்ஜரி” என்று கத்திவிடுகிறாள். 30-இல் நகல் வருகிறது. கையெழுத்து அப்பாவுடையதேதான். கடைசிக்கென்று இருந்த உண்மை பாதியிலேயே வந்துவிட்டது, கத்திய வார்த்தையைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

31 முதல் 44 வரை: அப்பா ஏன் எழுதிக் கொடுத்தார்? நண்பனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடன்காரர் கைக்குக் கட்டடம் போகாமல் இருக்கத் தம்பி பெயருக்கு மாற்றியிருக்கிறார். மெஸ் மறுபடி ஓடுகிறது என்று தெரிந்தால் கடன்காரர் வந்துவிடுவார் என்பதால்தான் சித்தப்பா அதை மூடவைக்கப் பார்த்தார். பழைய நான்கு இடைஞ்சல்களுக்கும் இப்போது வேறு அர்த்தம் கிடைக்கிறது. இந்த உத்தி ஒரு தொடரில் ஒரு முறைதான் எடுபடும், இரண்டாம் முறை வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

45 முதல் 54 வரை நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கடன்காரரை ஏமாற்றுவதற்காக எழுதப்பட்ட பத்திரம் என்று தெரிந்தால், அதைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி அவர் வழக்குப் போடலாம். அதாவது, சித்தப்பா நல்லவர் என்று தெருவுக்குச் சொன்னால் கட்டடம் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த மனிதர் தலையில் பழி நிற்கும். கேள்வி இப்போது அவள் வாயைத் திறப்பாளா என்பது. ஆபத்து பெரிதாகவில்லை, திசை மாறியிருக்கிறது. சித்தப்பா எதிரி இல்லை, எதிரில் நிற்பது அவள் பேசிய பேச்சு.

ஆங்கில நாவலாசிரியர் டிக்கென்ஸ் மாதாந்தரத் தொடர்கள் எழுதும்போது ஒவ்வொரு இதழுக்கும் ஒரு தாளை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்வார். வலப்பக்கம் அத்தியாயத் திட்டம். இடப்பக்கம் தனக்குத்தானே கேள்விகள்: இந்த இதழில் இந்தப் பாத்திரம் வரலாமா, இந்த விஷயம் வெளிப்படலாமா. பக்கத்திலேயே ஆம், இல்லை, இப்போது வேண்டாம் என்று பதில். அந்தத் தாள்களில் பல லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவ்வளவு பெரிய கைக்கே தாள் தேவைப்பட்டது. உங்களுக்கு ஒரு நோட்டாவது வேண்டாமா?

நோட்டில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரே ஒரு வரி போதும்: இதன் முடிவில் எது திரும்ப முடியாதபடி மாறியது? ‘மகள் கலங்கினாள்’ என்று எழுதாதீர்கள். கலக்கம் மறுநாள் சரியாகிவிடும். ‘அம்மா நகை அடகுக்குப் போனது’ என்று எழுத முடிகிறதா பாருங்கள். தொடர்ந்து மூன்று அத்தியாயத்துக்கு அந்த வரி காலியாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நான்காவதை எழுதவே எழுதாதீர்கள்.

முன்கதை நினைவூட்டலுக்கு அரைப் பக்கம் வேண்டாம், வசனத்துக்குள் ஒரு வரி போதும். ஒரு காட்சி திரும்ப வரத்தான் வேண்டுமென்றால் ஆளை மாற்றுங்கள். முதல் அத்தியாயத்தில் அப்பாவின் சாம்பாரில் உப்புப் பார்த்தது மகள். 52-இல் அதே கரண்டியைச் சித்தப்பா கையில் கொடுத்தோம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சுருக்கத்தை எழுதி முடித்ததுமே, முதல் அத்தியாயம் வெளியாகும் முன்னால், யாரிடமாவது காட்டுங்கள். இருபத்து மூன்றில் நின்றுகொண்டு போன் செய்தால் மீதியைத்தான் என்னால் சரிசெய்ய முடியும், அச்சான இருபத்திரண்டு அத்தியாயத்தை நான் தொட முடியாது.