சோனகரா, "இஸ்லாமியத் தமிழரா"?

கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியைப் பற்றியோ சாய்ந்தமருதைப் பற்றியோ வெளியூரில் இருந்து எழுதப்படும் கட்டுரைகளில் "இஸ்லாமியத் தமிழர்" என்ற தொடர் தவறாமல் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் 'மூர்' என்றோ 'முஸ்லிம்' என்றோ இருப்பதை இப்படி மாற்றினால் தமிழுக்கும் மரியாதை, ஒற்றுமைக்கும் நல்லது என்று மொழிபெயர்ப்பாளர் நினைக்கிறார் போலும். அந்த ஊர்களில் யாரும் தம்மை அப்படிச் சொல்வதில்லை. சொல்லப்படுகிறவரே ஏற்காத பெயரை அவர் தலையில் வைப்பதற்கு மொழிபெயர்ப்பு என்று பெயரில்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. போர்த்துக்கேயர் தாம் கண்ட முஸ்லிம்களையெல்லாம் 'மவுரோ' என்றனர். ஆங்கிலத்தில் அதற்கு நேரானது 'மூர்'. தமிழில் இதற்கு நேர்ச்சொல் தேடி அலையவே வேண்டாம், போர்த்துக்கேயர் வருமுன்பே 'சோனகர்' இருந்தது. வடமொழி 'யவன', பாளியில் 'யோன', 'யோனக'. மலையாளத்தில் ஜோனகன், தமிழில் சோனகன். கிரேக்கரையும் உரோமரையும் குறித்த பெயர், மேற்குக் கடலால் வந்த அரபு வணிகருக்கும் அவர் வழிவந்தோருக்கும் இறங்கியது. யாழ்ப்பாணத்தின் சோனகத் தெரு இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. குடிசன மதிப்பீட்டில் 'இலங்கைச் சோனகர்' என்பதே இனப்பெயர். 'மூர் இனத்தவர்' என்று எழுதுகிறவர்கள் கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுக் கடன் வாங்குகிறார்கள்.

இனி எதிர்த்தரப்பின் வாதம். "தமிழ் + அர் = தமிழர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் எவரும் தமிழர், மதம் வெறும் அடைமொழி" என்பது அது. இலக்கணத்தில் குற்றம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் ராவுத்தரும் மரைக்காயரும் தம்மைத் தமிழர் என்பதில் தடையேதும் காண்பதில்லை. அங்கே அந்தத் தொடர் சரியாகவே பொருந்தும். கிழக்கிலங்கையில் 'தமிழர்' என்பது மொழிப்பெயராக நிற்பதில்லை, இனப்பெயராக இறுகிவிட்டது. 'இஸ்லாமியத் தமிழர்' என்ற தொடரில் தலைச்சொல் 'தமிழர்'. ஆகவே அது "இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் வேறு" என்ற தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

அந்தத் தீர்ப்புக்கு வயது நூற்றுக்கு மேல். சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதி பொன்னம்பலம் இராமநாதன் 1885இல் அங்கே இதே கருத்தைப் பேசி, 1888இல் ஆங்கிலக் கட்டுரையாகவும் வெளியிட்டார்: சோனகர் மதம் மாறிய தமிழரே என்று. சோனகருக்குச் சபையில் தனி ஆசனம் வேண்டுமா என்ற பேச்சு எழுந்திருந்த காலம் அது. 1889இல் ஆசனம் கிடைத்தது. சோனகர் தரப்பில் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் மறுப்பு எழுதி, அரபு வழித்தோன்றலை முன்வைத்தார். அசீஸின் வாதமும் முழுக்கக் கரையேறாது. மட்டக்களப்பு, அம்பாறை முஸ்லிம்களிடம் தாய்வழிக் குடிமுறை இருக்கிறது. பிள்ளை தாயின் குடி. ஒரே குடிக்குள் திருமணம் இல்லை. வீடு மகளுக்கு, மருமகன் அங்கே போய் வாழ்கிறான். பக்கத்துத் தமிழ் ஊரிலும் இதே முறைதான். கோயிலில் குடியின் சார்பில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் இருப்பதுபோலப் பள்ளிவாசலில் அதே பொறுப்புக்கு 'மரைக்காயர்'. தாய்மார் இந்த மண்ணின் மக்கள் என்பதற்கு வேறு சான்று எதற்கு? ஆனால் மூதாதை யார் என்பது ஒரு கேள்வி, இன்று ஒரு சமூகம் தன்னை எப்படி அழைக்கிறது என்பது வேறொரு கேள்வி. 'இஸ்லாமியத் தமிழர்' இரண்டாம் கேள்விக்கு முதலாவதின் விடையைக் கொடுக்கிறது. கிழக்கு முஸ்லிமின் காதில் அது அன்பான அழைப்பாக விழாமல் 1888ஆகவே விழுவது அதனால்தான்.

மொழியே இனம் என்பவர்கள் மட்டக்களப்பு நகரத்துக் கத்தோலிக்கரைப் பார்க்கட்டும். ஒரே தேவாலயத்தில், ஒரே தமிழ்ப் பூசையில், ஒரே வாங்கில் இருவர் இருக்கலாம். ஒருவர் தமிழர். மற்றவர் பறங்கியர், போர்த்துக்கேய வழியினர், மூத்தவர்கள் வாயில் போர்த்துக்கேயக் கிரியோல் இன்னும் மிச்சமிருக்கிறது, வீட்டில் பேசுவது பெரும்பாலும் தமிழ். மதம் ஒன்று, மொழி ஒன்று, இனம் இரண்டு. பறங்கியரைக் "கத்தோலிக்கத் தமிழர்" என்று எவராவது எழுதியதுண்டா? அவர்களிடம் காட்டும் நிதானத்தைச் சோனகரிடம் மட்டும் ஏன் காட்டக்கூடாது?

தமிழ்க் கிறிஸ்தவரின் கதை மறுபக்கம். மட்டக்களப்பில் மெதடிஸ்தரின் கல்விப்பணி 1814இல் தொடங்கியது. சைவக் குடும்பத்தில் ஒரு கிளை வேதத்துக்குப் போனாலும் இனப் பத்தியில் 'இலங்கைத் தமிழர்' அப்படியே நிற்கும், மதப் பத்தி மட்டும் மாறும். அங்கே மதம் இனத்தைத் தொடுவதில்லை. சோனகரிடமோ மதமும் இனமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தமிழ் அவர்களின் வீட்டு மொழி, பள்ளிவாசல் மொழி, எழுத்து மொழி. தொழுகை, நோன்பு, பெருநாள் எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள். கூடவே வாப்பா, உம்மா, மௌத்து. மூத்த சகோதரியைச் சிலர் 'தாத்தா' என்பார்கள், பக்கத்து ஊரில் அது பாட்டனார். தமிழை இவ்வளவு வளமாக வைத்திருப்பவர் தம்மைத் தமிழர் என்று சொல்லாததில் முரண் எதுவும் இல்லை.

மொழிபெயர்ப்பில் உண்மையான சேதம் நடக்கும் இடங்கள் சிறியவை. 'தமிழ் மொழிமூலப் பாடசாலைகள்' என்று வர வேண்டியதைத் 'தமிழ்ப் பாடசாலைகள்' என்று எழுதினால், தமிழிலேயே படிப்பிக்கும் மருதமுனை, நிந்தவூர் முஸ்லிம் பாடசாலைகள் பட்டியலில் இருந்து விழுந்துவிடும். அடுத்துள்ள பாண்டிருப்பும் காரைதீவும் மட்டும் மிஞ்சும். 'தமிழ் பேசும் உத்தியோகத்தர்' 'தமிழ் உத்தியோகத்தர்' ஆனாலும் இதே கதி. எழுதியதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வசனத்தில் 'தமிழ்' வரும் இடத்தில் 'தமிழ்மொழி' என்று போட்டுப் பாருங்கள். பொருள் மாறாவிட்டால் பேச்சு மொழியைப் பற்றியது, ஆகவே முஸ்லிமும் பறங்கியரும் உள்ளே. மாறினால் அது இனம்.

1987 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின் ஆங்கில மூலம் வடக்கு, கிழக்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் வரலாற்று வாழ்விடம் என்கிறது. அங்கே சமூகத்தைக் குறிக்கும் சொல் 'பீப்பிள்ஸ்' என்று பன்மையில் இருக்கிறது. அதைத் 'தமிழர்' என்று பெயர்ப்பது வெளிப்படையான பிழை. 'தமிழ் பேசும் மக்கள்' என்பதும் போதாது. தமிழில் 'மக்கள்' எப்போதும் பன்மைதான், ஒரு சமூகமா பல சமூகங்களா என்று அது காட்டாது. 'தமிழ் பேசும் மக்களினங்கள்' என்றால் சற்று நீளம், ஆனால் மூலத்தில் உள்ளது வரும்.

'சோனகர்' எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்றும் சொல்ல வரவில்லை. அதன் குறுக்கமான 'சோனி' கிழக்கில் வசைச்சொல்; அதன் நிழல் முழுச்சொல்லின் மீதும் கொஞ்சம் விழுகிறது. படிவம், புள்ளிவிவரம், வரலாறு ஆகியவற்றுக்குச் 'சோனகர்'. செய்திக்கும் பேச்சுக்கும் அவர்கள் தாமே சொல்லும் 'முஸ்லிம்'. மலாயரும் முஸ்லிம்கள்தான் என்பதால் கணக்கு எழுதும்போது இரண்டையும் கலக்கக்கூடாது: 2012 மதிப்பீட்டில் நாடு முழுவதும் இஸ்லாம் மதத்தவர் 9.7 வீதம், இலங்கைச் சோனகர் 9.3 வீதம்.