வெற்றுச் சுவர் அறையில் பதிவான குரல்: எதிர்முழக்கத்தில் எவ்வளவு நீங்கும், எவ்வளவு நீங்காது?

வெறுஞ்சுவர் அறையில் பதிந்த குரலைச் சீர்செய்து தரும்படி என்னிடம் வரும் ஒலிக்கோப்புகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஒருமுறை கெடுக்கப்பட்ட பிறகே வந்து சேர்கின்றன. பதிந்தவர், கைக்கு எட்டிய இரைச்சல் நீக்கியை, ஆடாசிட்டி மென்பொருளாக இருந்தால் Noise Reduction என்னும் கருவியை, இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்திருப்பார். அறையின் முழக்கம் அசையாமல் அப்படியே இருக்கும். குரல் மட்டும் மழுங்கிப்போய், அதன்மேல் நடுங்கும் உலோக ஓசை ஒன்று ஏறியிருக்கும்.

இது கருவியின் குறையன்று. மின்விசிறியின் ஓசை பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருப்பதால், பேச்சில்லாத ஒரு விநாடியை மாதிரியாகக் காட்டினால், இரைச்சல் நீக்கி அந்த அளவைக் கோப்பு முழுவதிலும் கழித்துவிடும். எதிர்முழக்கத்துக்கு அத்தகைய மாதிரி கிடைக்காது. பேசாதபோது அது இல்லை. பேசும்போது அது பேச்சின் அதே அதிர்வெண்களில், பேச்சின் நகலாகவே இருக்கிறது. சற்று முன் சொன்ன எழுத்து சுவர்களில் பட்டுத் திரும்பி, இப்போது சொல்லும் எழுத்தின்மேல் விழுகிறது என்பதுதான் நடப்பது. பேச்சு வழக்கில் இதை எதிரொலி என்கிறோம். ஆனால் சிறிய அறையில் தனித்துக் கேட்கும் எதிரொலி எழுவதில்லை, ஆயிரக்கணக்கான எதிரொலிப்புகள் ஒன்றோடொன்று கலந்த தொடர் முழக்கமே எழுகிறது.

எவ்வளவு நீக்கலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் கணக்கிட்டே காட்டுகிறேன். அறை 4 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்டது. பூசிய சுவர், கல் தளம், உள்ளே ஒரு மேசையும் நாற்காலியும் மட்டும். ஆசிரியர் ஒருவர் பாடம் சொல்கிறார். பதியும் கைப்பேசி அவருடைய வாயிலிருந்து 1 மீட்டர் தள்ளி மேசைமேல் இருக்கிறது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், நேரடிக் குரல் 3 மில்லிவிநாடியில் கைப்பேசியை அடைகிறது. அதையடுத்த சில பத்து மில்லிவிநாடிகளுக்குள் அருகிலுள்ள சுவர்களும் கூரையும் திருப்பிய முதல் எதிரொலிப்புகள் வருகின்றன. காது இவற்றைத் தனியே பிரித்துக் கேட்பதில்லை. நேரடிக் குரலோடு சேர்த்து ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது, குரலின் நிறம் மட்டும் மாறி, குடைந்த ஓசை போல் ஆகிறது. சுமார் 50 மில்லிவிநாடிக்குப் பிறகு வருவதே வால் போல் நீண்டு, சொற்களைக் குழப்பும் பிந்திய முழக்கம்.

அந்த வாலின் நீளத்தைக் கோப்பிலிருந்தே அளக்க முடியும். ஒரு வாக்கியம் வெடுக்கென்று முடிந்து, அதன்பின் ஒரு விநாடியாவது அமைதி இருக்கும் இடத்தைத் தேடி, அலைவடிவத்தை டெசிபல் அளவுகோலில் பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில், முழக்கம் 30 டெசிபல் இறங்க 0.6 விநாடி ஆகிறது என்று கொள்வோம். 60 டெசிபல் இறங்க ஆகும் நேரத்தையே RT60 என்று குறிப்பார்கள். ஆக, இந்த அறைக்கு அது 1.2 விநாடி. குரல் பதியும் அறையில் 0.3 விநாடியோ அதற்குக் குறைவோ இருந்தால் நல்லது.

இங்கிருந்து ஒரு முக்கியமான தூரம் கிடைக்கிறது. பேசுபவரிடமிருந்து விலக விலக நேரடிக் குரல் குறைந்துகொண்டே போகும். முழக்கமோ அறை முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிறைந்திருக்கும். இரண்டும் சமமாகும் தூரம் இந்த அறையில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர்.

```
d = 0.057 × √(Q × V / RT60)
  = 0.057 × √(2 × 42 / 1.2) ≈ 0.48 m
```

இதில் V என்பது அறையின் கன அளவு, 42 கனமீட்டர். Q என்பது குரல் முன்பக்கம் குவிந்து செல்லும் அளவு. மனிதக் குரலுக்கு 2 என்று தோராயமாக வைத்திருக்கிறேன். 1 மீட்டரில் இருக்கும் கைப்பேசியை எட்டும் முழக்கத்தின் ஆற்றல் நேரடிக் குரலினுடையதைப் போல் நான்கு மடங்குக்கும் சற்று மிகுதி, அதாவது 6 டெசிபலுக்குச் சற்றுக் கூடுதல். அதே கைப்பேசி 15 சென்டிமீட்டரில் இருந்திருந்தால் நேரடிக் குரலே பத்து மடங்கு, அதாவது 10 டெசிபல் மேலோங்கியிருக்கும். அறையில் ஒரு துணிகூடத் தொங்கவிடாமல், கைப்பேசியை நகர்த்தியதனால் மட்டும் கிடைக்கும் வேறுபாடு 16 டெசிபலுக்கு மேல். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்முழக்கம் குறைக்கும் மென்பொருள்கள் De-reverb என்ற பெயரில் வருகின்றன. அவற்றின் மரபான வழிமுறை ஒரு மதிப்பீடுதான். ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் முழக்கம் எந்த வேகத்தில் தேய்கிறது என்று கணித்து, சற்று முன்னர் அந்தப் பட்டையில் இருந்த ஆற்றலில் இப்போது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு ஒலியைத் தணிக்கிறது. எனவே சொல்லுக்குப் பின்னால் தொங்கும் வாலை அது நன்றாகவே குறைக்கும். சொல்லின் உள்ளேயே கலந்துவிட்ட முதல் எதிரொலிப்புகளை அது பெரும்பாலும் தொடாது. நீரை விலக்கிப் பாலை மட்டும் பருகும் அன்னத்தை எந்த நிறுவனமும் இன்னும் விற்கவில்லை, விளம்பரத்தில் என்ன சொன்னாலும்.

வேலையை அசல் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும். செய்தி அனுப்பும் செயலி வழியாக வந்த கோப்பு சுருக்கப்பட்டிருக்கும்; அந்தச் சுருக்கம், காதுக்குப் பெரிதாகத் தோன்றாது என்று கருதும் மெல்லிய பகுதிகளைத்தான் முதலில் தியாகம் செய்கிறது, முழக்கத்தின் வால் அத்தகைய மெல்லிய பகுதியே. வால் சிதைந்திருந்தால் மென்பொருளின் மதிப்பீடும் சிதையும். கைப்பேசியின் தானியங்கி ஒலிச் சமன் இயங்கியிருந்தாலும் இதே சிக்கல்தான்: பேச்சு நின்றதும் அது ஒலியளவை மேலே ஏற்றுவதால், தேய வேண்டிய வால் தேயாமல் நிற்கிறது.

முதலில் 80 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டு, சீரான இரைச்சல் இருந்தால் அதை மிதமாகக் குறைத்துவிட்டு, அதன்பிறகே எதிர்முழக்கக் கருவிக்குப் போகிறேன். அளவைக் கூட்டிக்கொண்டே சென்று, குரலில் கேடு தெரியத் தொடங்கும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு பின்வாங்குவது என் வழக்கம். ஹெட்போனை மாட்டிக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்; ஒலிபெருக்கியில் கேட்டால் கேட்கும் அறையின் முழக்கமும் சேர்ந்துகொண்டு உண்மையை மறைக்கும்.

கேட்டைக் கண்டுபிடிக்க ஒரு நம்பகமான வழி, நீக்கப்பட்டதைத் தனியே கேட்பது. சில மென்பொருள்களில் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. இல்லாவிட்டால், சீர்செய்த கோப்பை Invert கட்டளையால் தலைகீழாக்கி, அசல் கோப்போடு ஒரே நேரக்கோட்டில் சேர்த்து ஒலிக்கச் செய்யலாம். இரண்டிலும் பொதுவானவை ஒன்றையொன்று அழித்துவிட, நீக்கப்பட்டது மட்டும் மிஞ்சும். கருவி கோப்பை ஒரு மில்லிவிநாடி தள்ளி வைத்திருந்தாலோ மொத்த ஒலியளவை மாற்றியிருந்தாலோ இந்தச் சோதனை பொய்த்துவிடும் என்பதால், அவற்றை முன்னதாகச் சரிபார்க்க வேண்டும். மிஞ்சியதில் தெளிவற்ற முழக்கம் மட்டும் கேட்டால் அளவு சரி. சொற்களை எழுதிக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாகக் கேட்டால், முழக்கத்தோடு குரலையும் அறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

தமிழ்ப் பேச்சில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘பக்கம்’, ‘பட்டம்’, ‘கத்தி’ போன்ற சொற்களில் இரட்டித்த வல்லினத்தின் நடுவே காற்று முழுவதுமாக அடைபட்டு ஒரு குறு அமைதி உண்டாகிறது. முழக்கம் அந்த அமைதியை நிரப்பிவிடுவதால்தான் வெற்று அறைப் பேச்சு குழைந்து கேட்கிறது. சரியான அளவில் கருவியை இயக்கினால் அந்த அமைதி திரும்பி வரும். மிகுந்துவிட்டால், அடைப்புக்குப் பின் வரும் மெல்லிய உயிரும் சொல்லின் இறுதியிலுள்ள ‘ம்’, ‘ன்’ போன்ற மெல்லொலிகளும் கூடவே மறைந்துபோகும். ஒரு கோப்பைத் திரும்பக் கேட்கும்போது வாக்கிய இறுதிகளை மட்டும் கேட்டாலே முக்கால்வாசி தெரிந்துவிடுகிறது.

நம் எடுத்துக்காட்டுக் கோப்பில் இயல்பு கெடாமல் 6 டெசிபல் வரை குறைக்க முடிகிறது என்று வைத்துக்கொண்டால், முழக்கம் நேரடிக் குரலுக்கு ஏறத்தாழச் சமமாகிறது. அதாவது, இவ்வளவு வேலைக்குப் பிறகு கிடைப்பது, கைப்பேசியை அரை மீட்டர் முன்னால் வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தெளிவுதான். குடைந்த நிறத்தைப் பிறகு அதிர்வெண் சமனாக்கியில் சற்றுத் தணிக்கலாம். என்றாலும் அது முழக்கத்தை நீக்குவதாகாது.

இதோடு நிறுத்தாமல் பலர் ஒலியளவைச் சமன்படுத்தும் கம்ப்ரெசரைக் கடைசியில் பலமாகப் போடுகிறார்கள். உரத்ததைத் தாழ்த்தி, பிறகு மொத்தத்தையும் உயர்த்துவது அதன் வேலை. உயர்த்தும்போது, அரும்பாடுபட்டு இறக்கிய வாலும் சேர்ந்து ஏறுகிறது. 3 டெசிபலுக்கு மேல் அமுக்காமலிருப்பது நல்லது. சொற்களுக்கு இடையே ஒலியை அடைத்துவிடும் கேட் கருவியோ இடைவெளிகளை மட்டும் வெறுமையாக்கி, சொல்லுக்குள் உள்ள முழக்கத்தை அப்படியே விட்டுவிடுவதால், அறை விட்டுவிட்டு ஒலிப்பது போன்ற எரிச்சலைத் தரும்.

மறுபடி பதிய வாய்ப்பிருந்தால் நான் சீர்செய்ய ஒப்புக்கொள்வதில்லை, மறுபதிவுக்கே சொல்கிறேன். கைப்பேசியை வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டரில், மூச்சுக்காற்று நேரே படாதபடி சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். அதன்பின் அதே அறையில் 10 சதுரமீட்டர் அளவுக்குத் தடித்த மெத்தைப் போர்வைகளைத் தொங்கவிட்டால், பேச்சின் அதிர்வெண்களில் அவை பாதி ஒலியை உறிஞ்சுவதாகக் கொண்டாலும், RT60 ஏறக்குறைய 0.65 விநாடிக்கு இறங்கும். முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும் மைக்காக இருந்தால், போர்வை முதலில் தேவைப்படும் இடம் பேசுபவரின் முதுகுப்புறம்; மைக் நோக்கியிருப்பது அந்தச் சுவரைத்தான். மெல்லிய பஞ்சுப் பலகைகள் உயர் அதிர்வெண்களை மட்டும் விழுங்கிவிட்டு, கீழ்ப்பகுதி முழக்கத்தை அப்படியே விடுவதால், குரல் இன்னும் கனத்துக் குமுறும்.

மறுபடி பதிய முடியாத நேர்காணலாகவோ மறைந்தவரின் குரலாகவோ இருந்தால், 6 டெசிபலுக்குக்கூடப் போகாமல் 3, 4 டெசிபலோடு நிறுத்திக்கொள்கிறேன். குறைத்த பிறகு சொற்களுக்கிடையே செத்த அமைதி தெரிந்தால், அதே கோப்பில் யாரும் பேசாத பகுதி ஒன்றை எடுத்து, மெல்லிய அளவில் பின்னணியாக ஓடவிட்டால் வெட்டுகள் தெரியாமல் போகும். சீர்செய்யாத அசல் கோப்பை அழிக்காமல், தனிப் பெயரில் எடுத்து வைத்துவிடுகிறேன்.