நிலப்பட நாக்கு: இடம் மாறுகிறதா என்று பாருங்கள்

அக்கா மகளுக்கு ஆறு வயது. பல் தேய்க்கும்போது நாக்கை நீட்டிக் காட்டியிருக்கிறாள், நடுவில் செக்கச்செவேலென்று ஒரு வட்டம், அதைச் சுற்றி வயல் வரப்பு மாதிரி வெள்ளையாக ஒரு கோடு. பூஞ்சைதான் என்று அக்காவே முடிவு செய்து கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவினாள். நாலு நாளில் வட்டம் மங்கியது, களிம்பு கேட்டுவிட்டது என்று நிம்மதியாக இருந்தால், அடுத்த வாரம் நாக்கின் ஓரத்தில் புதிதாக இரண்டு. பல் மருத்துவர் பார்த்ததும் ‘ஜியோகிராஃபிக் டங்’ என்று சீட்டில் எழுதினார், மருந்து எதுவும் எழுதவில்லை. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அக்கா இன்னும் பயந்துபோனாள்.

தமிழில் சிலர் இதைப் ‘புவியியல் நாக்கு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புவியியல் என்பது படிக்கிற பாடம். இங்கே சொல்ல வருவதோ, நாக்கு ஒரு நிலப்படம் போலத் தெரிகிறது என்பதை: சிவந்த திட்டுகள் நாடுகள், வெளிறிய விளிம்புகள் எல்லைக்கோடுகள். அதனால் ‘நிலப்பட நாக்கு’ என்பதே பொருந்தும்.

ஆனால் இதற்கு மருத்துவ நூல்களில் இன்னொரு பெயர் இருக்கிறது, அதுதான் முக்கியம்: ‘பினைன் மைக்ரேட்டரி குளோசைட்டிஸ்’. ‘குளோசா’ கிரேக்கத்தில் நாக்கு, ‘ஐட்டிஸ்’ அழற்சி, ‘மைக்ரேட்டரி’ இடம்பெயர்வது, ‘பினைன்’ தீங்கற்றது. தமிழில் ‘தீங்கற்ற இடம்மாறும் நாவழற்சி’ என்று சொல்லலாம். இதை ‘எரித்திமா மைக்ரன்ஸ்’ என்றும் சொல்வதுண்டு, அதை மட்டும் கூகுளில் தேடாதீர்கள், உண்ணிக்கடியால் வரும் லைம் நோயின் தோல் தடிப்புக்கும் அதே பெயர்தான், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இடம் எப்படி மாறுகிறது? நாக்கின் மேல்பரப்பு சொரசொரப்பாக இருப்பதற்குக் காரணம் நூல் போன்ற நுண்ணிய மொட்டுகள். ஓரிடத்தில் அவை உதிர்ந்தால் அந்த இடம் வழவழப்பாகச் சிவக்கிறது, சில நாளிலோ சில வாரத்திலோ திரும்ப முளைக்கின்றன, அதற்குள் வேறோர் இடத்தில் உதிர்கின்றன. இந்த மொட்டுகளில் சுவை அரும்புகள் கிடையாது, அதனால் சுவை போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஏன் உதிர்கின்றன என்பதற்கு உறுதியான காரணம் தெரியவில்லை, சொரியாசிஸ் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இது தொற்றாது. காரக்குழம்பு, புளிப்பு பட்டால் எரியலாம், அந்த நாட்களில் குறைத்துக்கொண்டால் போதும். அக்கா தடவிய களிம்பு எதையும் செய்யவில்லை, வட்டம் தானாகப் போனது.

இதோடு சேர்ந்தே பலருக்கு நாக்கில் பள்ளமான கோடுகளும் இருக்கும். ‘வெடிப்பு நாக்கு’ என்கிறார்கள், ஆனால் அங்கே எதுவும் வெடிக்கவில்லை, புண்ணும் இல்லை. லத்தீனில் ‘லிங்குவா பிளிக்காட்டா’, அதாவது ‘மடிப்பு நாக்கு’; அந்தப் பெயர்தான் சரி. மடிப்பில் உணவு தங்கி எரியாமல் மெல்லத் துலக்கினால் போதும். காய்ச்சலுக்குப் பிறகு, வாயால் மூச்சுவிடுகிறவர்களுக்கு, புகைப்பவர்களுக்குப் படிகிற வெள்ளை மாவோ, பெரும்பாலும் அதே நூல்மொட்டுகள் உதிராமல் நீண்டு அழுக்கைப் பிடித்துக்கொள்வதுதான், வழித்தால் குறையும்.

சரி, எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? ‘இடம்மாறும்’ என்ற சொல்லே இங்கே உதவுகிறது. அக்காவிடம் மூன்று நாளைக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில் போனில் படம் எடுக்கச் சொன்னேன், மூன்றாவது படத்திலேயே பழைய திட்டு இல்லை, புதிது வேறிடத்தில். அப்படி நகராமல், இரண்டு மூன்று வாரம் ஒரே இடத்திலேயே நிற்கிற சிவப்புத் திட்டோ, வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ, விரலில் தட்டுப்படும் கட்டியோ இருந்தால் காட்டிவிடுங்கள், வலி இல்லை என்றாலும். நாக்கின் பக்கவாட்டு ஓரமும் அடிப்பக்கமும்தான் கூடுதல் கவனம் வேண்டிய இடங்கள். புகையிலை, பாக்கு போடுபவர்களுக்கு இன்னும் கூடுதலாக. காரணமில்லாமல் ரத்தம் கசிந்தாலோ, மரத்துப்போனாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ மூன்று வாரம் எல்லாம் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், வழித்தால் தயிர் போல வந்து அடியில் சிவந்த புண் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், களிம்பு அதற்குத்தான். திட்டுத்திட்டாக இல்லாமல் மொத்த நாக்கும் வழவழவென்று சிவந்து கிடந்தால் இரும்புச்சத்து, பி12 குறைவு உண்டா என்று ரத்தப் பரிசோதனை தேவைப்படும். அக்கா மகளுக்கு இது இரண்டும் இல்லை, போன வாரப் படத்தில் திட்டு நுனிக்கு வந்திருந்தது.