சிட்ருலின்: தேசிக்காய் இல்லை, வத்தகப்பழம்

'எலுமிச்சை அமினோ அமிலம்' என்று இன்னொரு தடவை கேட்டால் எனக்கே பிறசர் ஏறிவிடும். பிறசரைக் குறைக்கும் என்று சொல்லும் ஒரு சத்துமா விளம்பரத் தாளில், சிட்ருலின் என்ற அமினோ அமிலத்தை அப்படித்தான் தமிழாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வவுனியாவில் ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, உந்த விலைக்கு மாவு ஏன்? தேசிக்காய்த் தண்ணி குடிச்சால் காணாதோ?"

காணாது. 1914இல் யப்பானில் இதைப் பிரித்தெடுத்தது வத்தகப்பழத்திலிருந்து. அந்தக் கொடியின் இலத்தீன் பெயர் சிட்ருல்லஸ். 'சிட்ருல்லசும் சிட்ரசிலிருந்து வந்ததுதானே' என்பார்கள். சரி, பேரனுக்குப் பாட்டன் பெயர் என்பதற்காகப் பாட்டன் வீட்டிலா போய்ப் பேரனைத் தேடுவது? தேசிக்காயின் புளிப்பு சிட்ரிக் அமிலம். அது அமினோ அமிலமே அல்ல.

இன்னொருவர் 'முன்னார்ஜினின்' என்கிறார். உடம்பு இதை ஆர்ஜினின் என்ற இன்னோர் அமினோ அமிலமாக மாற்றுவதால் அந்தப் பெயராம். இது கொஞ்சம் யோசித்த சொல். ஆர்ஜினினை நேரே விழுங்கினால் குடலிலும் ஈரலிலும் உள்ள ஆர்ஜினேசு என்ற நொதியம் பெரும்பங்கை உடைத்து யூரியாவாக்கிவிடும். சிட்ருலினை அந்த நொதியம் தொடாது, ஈரலும் பெரிதாகப் பிடித்து வைக்காது. அது குருதியோடு சிறுநீரகத்துக்குப் போய், அங்கே ஆர்ஜினினாகி, மறுபடி குருதிக்கு வரும். வாசலில் வரி கட்டாமல் பின்வழியால் வந்த சரக்கு மாதிரி. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 3 கிராம் சிட்ருலினை நாளுக்கு இரு தடவை கொடுத்தபோது, ஆர்ஜினினையே கொடுத்ததைவிடக் குருதியில் ஆர்ஜினின் கூடியது.

ஆனால் 'முன்' என்பது பாதிக் கதைதான். குருதிக்குழாயின் உட்சுவர் ஆர்ஜினினிலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கும்போது மிஞ்சுவதும் சிட்ருலின்தான். குழாயைத் தளர்த்திப் பிறசரை இறக்குவது அந்த ஒட்சைட்டு. மிஞ்சிய சிட்ருலின் திரும்பவும் ஆர்ஜினினாகும். வட்டத்தில் ஓடுவதற்கு 'முன்' என்று பெயர் வைத்தால் 'பின்' எங்கே போகும்? (இதே தாளில் நைத்திரிக் ஒட்சைட்டு 'நைத்திரிக் அமிலம்' ஆகியிருந்தது. மொழிபெயர்த்தவர் அதைக் குடிக்காமல் இருந்தால் சரி.)

என் கணக்கில் சிட்ருலின் என்றே எழுதலாம். தமிழ்தான் வேண்டுமென்றால் 'வத்தகையம்'. பொருளும் மூலமும் ஒன்றாய் நிற்கும். அப்புறம், பழம் தின்றே 3 கிராம் எடுக்க ஒன்றரைக் கிலோ அளவு வேண்டியிருக்கும். பழத்துக்குப் பழம் அது மாறும். ஆர்ஜினின் கூடினாலும் பிறசர் இறங்குவது சிறிதளவுதான், எல்லாருக்கும் இறங்கும் என்றுமில்லை. குளிசையை நிறுத்த இது காரணமாகாது.

அந்தத் தாளில் சிறுநீரகம் என்ற சொல்லே இல்லை. மாற்றும் வேலை அங்கேதான் நடக்கிறது. சிறுநீரகம் பழுதானால் சிட்ருலின் மாறாமல் குருதியில் தேங்கும், வத்தகப்பழத்தின் பொட்டாசியமும் சேர்ந்து தொல்லை தரும். சிறுநீரக நோய் இவ்வளவு உள்ள வவுனியாவில் இதையல்லவா முதலில் தமிழாக்கியிருக்க வேண்டும்? அக்காவின் வீட்டுக்காரர் ஏற்கெனவே சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறவராம். மாவும் வேண்டாம், தேசிக்காயும் வேண்டாம், டொக்டரிடம் கேளுங்கோ என்றேன்.