ஹெஸ்ஸியன்: ஒரு பெயரும் அது சொல்லும் வளைவும்

இரண்டு மாறிகள் கொண்ட ஒரு சார்பு f(x, y). அதன் இரண்டு பகுதி வகைக்கெழுக்களும் சுழியாகும் இடம் மாறுநிலைப் புள்ளி. அங்கே தொடுதளம் கிடையாக இருக்கும். ஆனால் அது குன்றின் உச்சியா, குழியின் அடியா, இரண்டும் இல்லாத வேறொன்றா? இதைத் தீர்மானிக்க f_xx, f_xy, f_yy என்ற இரண்டாம் வரிசைப் பகுதி வகைக்கெழுக்களை 2×2 அணியாக அடுக்குகிறோம். முதல் நிரையில் f_xx, f_xy. இரண்டாவதில் f_xy, f_yy. இதற்குத்தான் ஹெஸ்ஸியன் என்று பெயர்.

லுட்விக் ஓட்டோ ஹெஸ்ஸே (1811–1874) என்ற ஜெர்மானியக் கணிதரின் பெயரிலிருந்து வந்த சொல் இது. கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தவர், ஜேக்கோபியின் மாணவர். கெட்டியான சணல் சாக்குத் துணிக்கும் இதே பெயர் உண்டு. அது ஜெர்மனியின் ஹெஸ்ஸே வட்டாரத்திலிருந்து வந்தது, கணிதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஹெஸ்ஸே தேடியது பெருமத்தையோ சிறுமத்தையோ அல்ல. 1840களில் அவர் முப்படி வளைவரைகளின் வளைவு மாற்றப் புள்ளிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். இரண்டாம் வகைக்கெழுக்களால் ஆன அணிக்கோவையை எழுதினால் அதுவே இன்னொரு முப்படி வளைவரையைத் தருகிறது. இரண்டும் வெட்டும் இடங்களில்தான் அந்தப் புள்ளிகள் இருக்கின்றன என்று கண்டார். இந்த அணிக்கோவைக்கு அவர் பெயரைச் சூட்டியவர் ஆங்கிலேயக் கணிதர் சில்வெஸ்டர். அதாவது ஹெஸ்ஸியன் என்றால் முதலில் ஓர் எண்ணைத் தரும் அணிக்கோவைதான். அணிக்கு அந்தப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. இன்றும் சில நூல்களில் அந்தச் சொல் அணியைக் குறிக்கும், சிலவற்றில் அணிக்கோவையைக் குறிக்கும். படிக்கும்போது எது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நம் பாடநூல்களில் அணி, அணிக்கோவை என்ற சொற்கள் நன்றாக வேரூன்றியிருக்கின்றன. இலங்கை வழக்கில் அணியைத் தாயம் என்பார்கள். ‘ஹெஸ்ஸியன்’ என்பதில் வரும் ‘-இயன்’ ஆங்கில விகுதி, அது நமக்கு வேண்டியதில்லை. ஆகவே ‘ஹெஸ்ஸே அணி’, ‘ஹெஸ்ஸே அணிக்கோவை’ என்று இரண்டாகப் பிரித்து எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. எது அணி, எது எண் என்ற குழப்பமும் அதோடு தீர்ந்துவிடும். ‘வளைவு அணி’ என்றுகூடச் சொல்லத் தோன்றும். ஆனால் தொடுதளம் கிடையாக இருக்கும் புள்ளியில் மட்டும்தான் இந்த அணிக்கோவை f-இன் வரைபடப் பரப்பின் காஸ் வளைவுக்குச் சமம். சரிவான இடத்தில் ஒரு வகுஎண்ணும் சேர்ந்துவிடும். அதனால் அந்தப் பெயரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது அணிக்கோவை எப்படித் தீர்ப்புச் சொல்கிறது என்று பார்ப்போம். மாறுநிலைப் புள்ளியிலிருந்து (h, k) அளவு நகர்ந்தால் சார்பு ஏறக்குறைய Ah² + 2Bhk + Ck² என்பதன் பாதி அளவு மாறும். இங்கே A = f_xx, B = f_xy, C = f_yy. A சுழி இல்லையென்றால் இதை வர்க்க நிரப்பல் மூலம்

A(h + Bk/A)² + ((AC − B²)/A)k²

என்று எழுதலாம். இதில் வரும் AC − B²-தான் அந்த அணிக்கோவை. அது நேர்மமாக இருந்தால் இரண்டு உறுப்புகளுக்கும் A-இன் குறியே வரும். A நேர்மம் என்றால் எந்தத் திசையில் போனாலும் ஏற்றம், அது சிறுமம். A எதிர்மம் என்றால் எல்லாத் திசையிலும் இறக்கம், அது பெருமம். AC − B² எதிர்மமானால் இரண்டு உறுப்புகளும் எதிரெதிர்க் குறி பெறும்: ஒரு திசையில் ஏற்றம், இன்னொன்றில் இறக்கம். குதிரையின் சேணம் முன்னும் பின்னும் உயர்ந்து பக்கவாட்டில் தாழ்ந்திருப்பது போன்ற வடிவம் என்பதால் அந்தப் புள்ளிக்குச் சேணப்புள்ளி என்று பெயர்.

மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் நடுவில் இருக்கும் B-யில். x² + 4xy + y² என்ற சார்பை எடுங்கள். A = 2, C = 2, இரண்டும் நேர்மம். x அச்சில் போனாலும் y அச்சில் போனாலும் ஏற்றம்தான். ‘அப்போ சிறுமம்’ என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் y = −x என்ற கோட்டில் நடந்தால் மதிப்பு −2x², கீழே இறங்குகிறது. B = 4 என்பதால் அணிக்கோவை 4 − 16 = −12. ஆதிப்புள்ளி ஒரு சேணப்புள்ளி. இரு அச்சுகளும் காட்டாத திசைகளையும் சேர்த்துப் பேசுவதற்குத்தான் அந்தக் கலப்பு வகைக்கெழு.

ஒரு முழுக் கணக்கு: f = x³ + y³ − 3xy. முதல் வகைக்கெழுக்கள் 3x² − 3y, 3y² − 3x. இரண்டும் சுழியானால் y = x², x = y²; மெய்யெண் தீர்வுகள் (0, 0), (1, 1) மட்டுமே. இரண்டாம் வகைக்கெழுக்கள் 6x, −3, 6y. ஆக ஹெஸ்ஸே அணிக்கோவை 36xy − 9. ஆதிப்புள்ளியில் அது −9, எனவே சேணம். (1, 1)-இல் 27, அதோடு f_xx = 6, எனவே சிறுமம்; மதிப்பு −1. இது இடஞ்சார்ந்த சிறுமம் மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது. y = 0 என வைத்து x-ஐ எதிர்த்திசையில் கொண்டுபோனால் x³ எல்லையின்றி இறங்கும்.

இந்த முடிவைக் கண்ணாலும் பார்க்கலாம். f = 0 என்ற மட்டக்கோடுதான் டேகார்ட்டின் இலைவடிவ வளைவரை. அது ஆதிப்புள்ளியில் தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது. சேணத்தில் ஏற்றப் பகுதியும் இறக்கப் பகுதியும் மாறிமாறி வருவதால், அவற்றைப் பிரிக்கும் மட்டக்கோடு அங்கே குறுக்காக வெட்டியே தீரும். பின் அது முதல் கால்பகுதியில் ஓர் இலையாகச் சுற்றி வருகிறது. இலைக்குள் f எதிர்மம். (1, 1) என்ற குழி அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

அணிக்கோவை சுழியானால்? அப்போது சோதனை எதுவும் சொல்லாது. x⁴ + y⁴-க்கு ஆதிப்புள்ளியில் அணிக்கோவை 0, ஆனால் அது சிறுமம். x² + y³-க்கும் 0, ஆனால் சிறுமம் இல்லை. அப்படியானால் ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் எல்லா நேர்கோடுகளிலும் சோதித்துப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் போதாது என்று இத்தாலியக் கணிதர் பியானோ 1884-இல் ஓர் எடுத்துக்காட்டால் காட்டினார். அதே வகையைச் சேர்ந்தது (y − x²)(y − 2x²). y = mx என வைத்தால் x²(m − x)(m − 2x) கிடைக்கும். m சுழி இல்லையென்றால் ஆதிப்புள்ளிக்கு அருகில் இது நேர்மம். m = 0 ஆனால் 2x⁴, y அச்சில் y². ஆக ஒவ்வொரு நேர்கோட்டிலும் ஆதிப்புள்ளி சிறுமம்தான். ஆனால் y = 1.5x² என்ற பரவளையத்தின் மீது போனால் மதிப்பு −0.25x⁴. அந்த வளைந்த பாதையில் சார்பு இறங்கிக்கொண்டே போகிறது. இங்கே ஹெஸ்ஸே அணியில் f_yy மட்டும் 2, மற்றவை சுழி. x திசையில் அணிக்குச் சொல்ல எதுவுமில்லை. அங்கே என்ன நடக்கிறது என்பதை −3x²y, 2x⁴ என்ற உயர்படி உறுப்புகளிடம்தான் கேட்க வேண்டும்.